ஒரே ஆள், இரண்டு உரை

ஐயா, வணக்கம். ராணிப்பேட்டை பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் மூன்று வருடமாக ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். இது கம்பெனியின் 25ஆவது ஆண்டு விழா. வாலாஜாவில் மண்டபம் எடுத்திருக்கிறார்கள், ஞாயிறு மாலை 4 மணிக்கு. வரவேற்புரை, நன்றியுரை இரண்டையும் நானே பேச வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மேடையில் ஏழு பேர்: எம்.டி., நிறுவனரான அவருடைய அப்பா, சிறப்பு விருந்தினராகத் தொழிலகப் பாதுகாப்புத் துறை இணை இயக்குநர், ஜெர்மனியிலிருந்து வரும் பையர், ஒரு கல்லூரி முதல்வர், எங்கள் மேனேஜர்கள் இருவர். கீழே நானூறு தொழிலாளர்கள், குடும்பத்தோடு. போன வருடப் பேச்சை ஃபைலில் இருந்து கொடுத்தார்கள், நாலு பக்கம். பெயரை மட்டும் மாற்றிப் படித்தால் போதுமா? எம்.டி. வீட்டில் உருது பேசுவார்கள், பையருக்குத் தமிழே தெரியாது. தமிழில் பேசலாமா? நான் மைக் முன்னால் நின்றதே இல்லை.
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

அந்த நாலு பக்கத்தை ஃபைலிலேயே திருப்பி வைத்துவிடுங்கள். வைப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் பாருங்கள்: அதில் எங்காவது ‘வேலூர் மாவட்டம்’ என்று இருக்கிறதா? ராணிப்பேட்டை தனி மாவட்டமானது 2019-இல். ஆனாலும் வருடா வருடம் நகலெடுத்த பேச்சுகளில் இன்னும் நாம் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறோம். அரசு அதிகாரி மேடையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஒரு சொல் போதும், இது யாருக்கோ எப்போதோ எழுதிய பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நீளமும் சரியில்லை. மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு தமிழ்ச் சொற்கள் போகும். என் பயிற்சி வகுப்பில் கடிகாரம் வைத்துப் பார்த்த கணக்கு இது. நாலு பக்கம் என்றால் ஆயிரம் சொல்லாவது இருக்கும், பதினொரு நிமிடத்துக்குக் குறையாது. வரவேற்புரைக்கு நாலு நிமிடம், நன்றியுரைக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது முதலாவது முந்நூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது, இரண்டாவது இருநூற்றைம்பதை.

இரண்டையும் ஒரே ஆள் பேசுவது நல்ல ஏற்பாடு இல்லை. உங்கள் மேனேஜரிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். நன்றியுரையை ஸ்டிச்சிங் சூப்பர்வைசர் ஒருவர் பேசினால் கூட்டம் கைதட்டும். மாட்டேன் என்றால், சரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள். வரவேற்புரையில் நீங்கள் வீட்டுக்காரர், வந்தவர்களை வாசலில் நின்று அழைக்கிறீர்கள். நன்றியுரையில் மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் சார்பாக நிற்கிறீர்கள். முதலாவதில் யார் வந்திருக்கிறார்கள் என்பது விஷயம். இரண்டாவதில் என்ன நடந்தது என்பது விஷயம். இந்தக் கோடு இல்லாவிட்டால் அதே ஏழு பெயர், அதே அடைமொழியோடு மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை வரும்.

இதைச் சரியாகச் செய்ய நம் மொழியிலேயே ஒரு வசதி இருக்கிறது. ‘எங்கள்’ என்றால் கேட்பவர் அதில் சேர்த்தி இல்லை, ‘நம்’ என்றால் சேர்த்தி. வீட்டில் யாருக்கும் இது தப்பாது, மைக் பிடித்தால் மட்டும் தப்பிவிடும். நானூறு தொழிலாளர்களைப் பார்த்து ‘எங்கள் நிறுவனம்’ என்று சொன்னால், கம்பெனி எங்களுடையது, நீங்கள் வெளியே என்று சொன்னதாகிறது. யாரும் எழுந்து கேட்க மாட்டார்கள், ஆனால் உறைக்கும். அதனால் மேடையில் இருக்கும் விருந்தினரைப் பார்த்துச் சொல்லும்போது ‘எங்கள்’, கீழே பார்த்துச் சொல்லும்போது ‘நம்’. எழுதி முடித்ததும் இந்த இரண்டு சொல்லையும் சிவப்பு மையால் வட்டம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் யாரைப் பார்த்துச் சொல்வது என்று பக்கத்தில் எழுதிவிட்டால், எப்போது மேடைப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அதிலேயே கிடைத்துவிடும். மைக் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பாடு.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. தொழிலாளர்களை ‘வருக வருக’ என்று வரவேற்க வேண்டுமா? எனக்கு உடன்பாடில்லை. அது அவர்கள் விழா, அவர்களும் வீட்டுக்காரர்கள்தான். அவர்களோடு வந்திருக்கும் மாமியாரும் கணவரும் பிள்ளைகளும்தான் விருந்தாளிகள். வரவேற்பு அவர்களுக்குப் போகட்டும். உங்கள் விழாவுக்கு நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அனைவருக்கும் வணக்கம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் சில தையல் மெஷின்களோடு இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் இந்த மேடையில் இருக்கிறார். அன்றைக்கு அந்த மெஷின்களில் உட்கார்ந்தவர்களில் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். எங்கள் நிறுவனர் அவர்களையும், விழாவுக்குத் தலைமையேற்கும் எங்கள் நிர்வாக இயக்குநர் அவர்களையும் வரவேற்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் இணை இயக்குநர் திரு. இன்னார் அவர்களை வரவேற்கிறேன். நாம் தைக்கிற ஷூ எந்தக் கடையில் போய் நிற்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. அது தெரிந்தவர் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறார். திரு. இன்னார், வருக. நம் பிள்ளைகளுக்குப் பரிசு வழங்க வந்திருக்கும் கல்லூரி முதல்வர் முனைவர் இன்னார் அவர்களே, வருக. நம் மேலாளர்கள் இருவரும் மேடையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வணக்கம். அப்புறம், தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசர அவசரமாக டிபன் கட்டிக் கொடுக்கிறீர்களே, அந்த வீட்டார் எல்லோரும் இன்றைக்குத்தான் நம் கம்பெனி விழாவைப் பார்க்கிறீர்கள். உங்களை மனதார வரவேற்கிறேன்.”

இது நூறு சொல்லுக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றரை நிமிடத்தில் முடியும். மீதி நேரத்தில் விருந்தினரைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி சேர்க்கலாம். ஒரு வரிதான். அழைப்பிதழில் ‘சிறப்பு விருந்தினர் அறிமுகம்’ என்று தனியாக இருந்தால் அந்த வரியும் வேண்டாம், அது இன்னொருவர் வேலை. ‘சில தையல் மெஷின்கள்’ என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் உண்மையான எண்ணிக்கையைப் பெரியவரிடமே கேட்டுப் போடுங்கள். பதினெட்டு என்றால் பதினெட்டு. முதலாளியைப் புகழ வேறெதுவும் தேவையில்லை. ‘வள்ளல்’, ‘தொழிலாளர்களின் விடிவெள்ளி’ எல்லாம் வந்தால் அவருக்கே கூச்சமாக இருக்கும், கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளி விழா வருடம் என்றால் போனஸ், இன்க்ரிமென்ட் பற்றி லைனில் ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். “இன்று ஓர் இனிய செய்தி காத்திருக்கிறது” என்று ஒப்புக்குக் கூட வரவேற்புரையில் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் கேடயத்தை நினைத்துச் சொல்வீர்கள், அவர்கள் வேறு ஒன்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

பெயர்கள்தான் இந்த வேலையில் பாதி. தமிழ் எழுத்தில் க-வும் ப-வும் எப்படி ஒலிக்கும் என்பது நமக்குத் தெரிந்த சொல்லில் தானாக வந்துவிடும், தெரியாத பெயரில் வராது. ‘கபூர்’ என்று எழுதியிருந்தால் அதை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உருதுப் பெயர், ஜெர்மன் பெயர் இரண்டுமே உங்கள் மேடையில் இருக்கின்றன. சம்பந்தப்பட்டவரின் டிரைவருக்கோ அலுவலக உதவியாளருக்கோ போன் போட்டு, பெயரைச் சொல்லச் சொல்லி ரெக்கார்ட் செய்யுங்கள். அதைக் கேட்டு உங்களுக்குப் புரிகிற மாதிரி, எந்த எழுத்தில் வேண்டுமானாலும், பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் தாள், யாரும் பார்க்கப்போவதில்லை. இனிஷியல் எத்தனை, முன்னால் முனைவரா, ஹாஜியா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பதவியில் ஒரு தவறு எப்போதும் நடக்கும். நாம் பேச்சு வழக்கில் ‘ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். மேடையில் இணை இயக்குநரை அப்படிச் சொன்னால் அவரைப் பதவியில் இறக்கியதாகும். ‘மாண்புமிகு’ என்பதை எல்லோருக்கும் வாரி வழங்குவதும் வேண்டாம், அது அமைச்சர், நீதிபதி போன்றவர்களுக்கு. உங்கள் ஏழு பேருக்கும் திரு, முனைவர், அவர்கள், இவை போதும்.

வரிசையில் கம்பெனிகளில் சண்டையே வந்திருக்கிறது. நிறுவனர் முதலா, தலைமை தாங்கும் மகன் முதலா, விருந்தினர் முதலா? எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான வழி, அச்சான அழைப்பிதழில் எந்த வரிசையோ அதே வரிசை. அது ஏற்கெனவே எம்.டி. பார்த்து ஒப்புக்கொண்டது. உங்கள் அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லையென்றால் இப்போதே கேட்டுவிடுங்கள், விழா மேடைக்குப் பின்னால் நின்று கேட்காதீர்கள். என் மாதிரியில் நிறுவனரை முதலில் வைத்ததற்குக் காரணம் வயது. அழைப்பிதழ் வேறு மாதிரி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொன்னாடை. பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்துவது பல இடங்களில் வழக்கம். ஒருவர் எழுந்து, போர்த்துகிறவர் சுற்றி வந்து, போட்டோகிராஃபர் “சார், கொஞ்சம் இந்தப் பக்கம்” என்று சொல்லி முடிப்பதற்குள் முக்கால் நிமிடம் போய்விடும். ஏழு பேருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல். அந்த நேரம் முழுக்க நீங்கள் மைக் முன்னால் சும்மா நிற்க வேண்டும், அதைத்தான் புதியவர்களால் தாங்க முடியாது. எதையாவது சொல்லி நிரப்பப் பார்ப்பார்கள், அங்கேதான் உளறல் ஆரம்பிக்கும். நீங்கள் வரவேற்புரையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு இறங்குங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் அதற்குப் பிறகு தொகுப்பாளர் அழைத்து நடத்தட்டும்.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழில்தான் பேச வேண்டும், கீழே இருக்கிற கூட்டத்துக்காகத்தான் இந்த விழா. எம்.டி. வீட்டில் உருது பேசினாலும் லைனில் தமிழ்தான் பேசுவார், நம் பக்கத்தில் அது புதிதில்லை. பையருக்கு மட்டும் இரண்டு வரி ஆங்கிலத்தில் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்பிவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் சொல்லாதீர்கள். பேச்சு இரண்டு மடங்காகும், இரண்டு தரப்பும் பாதி நேரம் சும்மா இருக்கும். நிகழ்ச்சி நிரலை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்து அவர் முன்னால் வைத்துவிடுங்கள். பக்கத்து நாற்காலியில் ஆங்கிலம் தெரிந்த மேலாளரை உட்கார வைத்தால் மற்றதை அவர் காதில் சொல்லிக்கொள்வார்.

இனி நன்றியுரை. இதை முன்கூட்டியே முழுசாக எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று என் கதையைச் சொல்கிறேன். பல வருடம் முன்னால் காட்பாடிப் பக்கம் ஒரு கம்பெனி விழாவில் நன்றி சொல்லும் பொறுப்பு எனக்கு. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, மனப்பாடமும் செய்திருந்தேன். விருந்தினர் ஒருவர் பாதியிலேயே போன் வந்து கிளம்பிவிட்டார், பேசவே இல்லை. நான் கீழே சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்கப் போயிருந்ததால் எனக்குத் தெரியாது. மேடையேறி, “சிந்தனைக்கு விருந்தளித்த” அவருடைய பேச்சுக்கு நன்றி சொல்லிவிட்டேன். காலி நாற்காலியைக் காட்டி முன்வரிசையில் ஒரு அம்மா சிரித்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அதிலிருந்து நான் அட்டையில்தான் எழுதுகிறேன். போஸ்ட்கார்டு அளவில், ஆளுக்கு ஓர் அட்டை. மேலே பெயரும் பதவியும் முன்பே எழுதியிருக்கும். கீழ்ப்பாதி காலி. விழா நடக்கும்போது மேடையோரமாக உட்கார்ந்து அவர் சொன்னதில் ஒரு வரியை மட்டும் அந்தக் காலி இடத்தில் எழுதுவேன். வராதவர் அட்டையை எடுத்துப் பையில் போட்டுவிடுவேன். பாதியில் போனவர் அட்டையில் ‘வந்தமைக்கு’ என்று மட்டும் எழுதிக்கொள்வேன். நீங்களும் இதைச் செய்ய வேண்டுமானால் விழா அன்று உங்களுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது என்று மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். நன்றி சொல்கிறவர் முழு விழாவையும் கேட்டாக வேண்டும்.

உதாரணமாக, இணை இயக்குநர் தன் பேச்சில் கட்டிங் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் பட்டனை அழுத்தும் அமைப்பைக் கழற்றி விடாதீர்கள் என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நன்றியுரையில் “சீரிய உரை ஆற்றிய” என்பதற்குப் பதில், “கட்டிங் பிரஸ்ஸில் இரண்டு கையும் பட்டனில்தான் இருக்க வேண்டும் என்று நம் வீட்டார் முன்னிலையில் சொன்னீர்கள் ஐயா, இனி வீட்டிலும் கேட்பார்கள்” என்று சொல்லுங்கள். கேட்டதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நன்றியுரை சலிப்பதற்கு இலக்கணமும் ஒரு காரணம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதனால் ஒரு பெயர், ‘நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்’, இன்னொரு பெயர், மறுபடி ‘நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்’. பதினைந்தாவது தடவையில் கூட்டம் அதை உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடும். ‘கடமைப்பட்டுள்ளேன்’ என்று மாற்றுவதால் தீராது, கடன் வாங்கியவர் மாதிரிதான் இருக்கும். ஆட்களைக் கூட்டமாகச் சேர்த்து, ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு நன்றி வையுங்கள். சில இடத்தில் ‘நன்றி’யை முன்னால் போட்டுவிடலாம்: “நன்றி முதலில் நம் பஸ் டிரைவர்களுக்கு. சோளிங்கரில் இருந்தும் கலவையில் இருந்தும் திமிரியில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலும் நம்மைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.” விருந்தினரை விட்டுவிட்டு டிரைவரை முதலில் சொல்வதா என்று மேனேஜர் கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்லுங்கள்: நன்றியுரை நடக்கும்போது டிரைவர்கள் வண்டி எடுக்க எழுந்துவிடுவார்கள், கடைசியில் சொன்னால் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் விருந்தினருக்கு அடுத்தபடியாகவாவது வையுங்கள்.

பிரிவுகளின் பெயரில் கவனம் வேண்டும். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங், பேக்கிங், கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, ஸ்டோர்ஸ் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எதையும் சொல்லக் கூடாது. ஒன்றை விட்டால் திங்கள்கிழமை காலையில் “இன்னா மேடம், எங்க ஃபினிஷிங்கு மட்டும் உங்க கண்ணுல படலையா?” என்று கேட்பார்கள். ‘பெயர் விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்’ என்ற வரி இதற்கு மருந்தாகாது. அதே காரணத்தால் தனி ஆள் பெயரை, விழா ஏற்பாட்டைத் தனியாகத் தாங்கியவர் தவிர, தவிர்த்துவிடுங்கள். மண்டபம், மைக்செட், பந்தல், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வாக்கியம் போதும்.

முடிவில் சாப்பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள். ஆம்பூர்ப் பக்கத்து மாஸ்டரை வரவழைத்துப் பிரியாணி போடுவதாக இருந்தாலும் அந்தச் சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. வந்த அடுத்த நொடி பின்வரிசை நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு நாட்டுப்பண் பாடவேண்டியிருக்கும். உங்கள் கடைசி வரி, “நாட்டுப்பண்ணுக்காக அனைவரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்பதாக இருக்கட்டும். சொல்லிவிட்டு மைக்கை விட்டு ஓரடி பின்னால் போய் நேராக நில்லுங்கள், 52 விநாடி. பாட்டைப் போடுகிற மைக்செட்காரரிடம், நீங்கள் எந்தச் சொல்லில் முடிப்பீர்கள் என்பதை மாலை 4 மணிக்கு முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அவர் போனில் பாட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது நானூறு பேர் எழுந்து நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு எந்தப் பக்கம், பஸ் எத்தனை மணிக்கு என்பதைத் தொகுப்பாளர் நாட்டுப்பண் முடிந்த பிறகு அறிவித்துக்கொள்ளட்டும்.